நிகழ்ச்சித் தேதி மாறினால் எதில் அறிவிப்பது: ஒற்றைப் படமா, கரோசலா, ரீல்ஸா?

ஒரு நிகழ்ச்சி தள்ளிப்போகிறது என்று இன்ஸ்டாகிராமில் சொல்ல ரீல்ஸ் எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நிறைய பேரைச் சென்றடையும் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் இந்தச் செய்தி புதியவர்களுக்கானதல்ல, ஏற்கெனவே வருவதாக இருந்தவர்களுக்கானது. பலர் ஒலியை அணைத்துவிட்டே வீடியோ பார்ப்பதால் வாயால் சொன்ன தேதி அவர்களுக்குக் கேட்காது. அதோடு, ரீல்ஸ் பல நாள் கழித்தும் பரிந்துரையில் தலைகாட்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகும் யாரோ ஒருவர் அதைப் பார்த்து விசாரித்துக்கொண்டிருப்பார்.

பல ஸ்லைடுகளைத் தள்ளிப் பார்க்கும் கரோசலில் வேறு சிக்கல். முதல் ஸ்லைடில் 'முக்கிய அறிவிப்பு' என்று மட்டும் போட்டு, தேதியை இரண்டாவதில் வைப்பார்கள். தள்ளிப் பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து குழுவில் அனுப்புகிறவரும் ஒரு ஸ்லைடைத்தான் அனுப்புவார். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா, பழைய முன்பதிவு செல்லுமா போன்ற விளக்கங்கள் இருந்தால் கரோசல் போடலாம். அப்போதும் முதல் ஸ்லைடு தனித்து நின்று முழுச் செய்தியையும் சொல்ல வேண்டும்.

ஆக, இதற்கு ஒற்றைப் படமே சரி. ஆனால் அதிலும் ஒரு தவறு நடக்கிறது, இதுதான் ஆட்களை உண்மையிலேயே அலைய வைப்பது: பழைய போஸ்டரையே திறந்து தேதியை மட்டும் மாற்றி வெளியிடுவது. அதே நிறம், அதே முகங்கள். 'இதைத்தான் பார்த்தோமே' என்று விரல் நகர்ந்துவிடும்.

14-ம் தேதி சனிக்கிழமை நடக்கவிருந்த பயிலரங்கு 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது என்று வைத்துக்கொள்வோம். பின்னணி நிறத்தை மாற்றுங்கள். மேலே 'தேதி மாற்றம்'. அடுத்து, '14, சனி' என்பதைக் குறுக்கே அடித்துக் காட்டி, அதன் கீழே '22, ஞாயிறு' என்பதைப் படத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய தேதியை விட்டுவிடக் கூடாது. முன்பே பகிரப்பட்ட போஸ்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் கையில் வந்தால் எது புதியது என்று படமே சொல்ல வேண்டும். நேரமும் இடமும் மாறவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அதைக் கேட்டே அழைப்புகள் வரும். பேச்சாளர் படங்கள் வேண்டாம். 1080-க்கு 1350 பிக்சலில் செய்து, போனில் திறந்து கையை நீட்டிப் பாருங்கள். தேதி படிக்க முடியவில்லை என்றால் எழுத்து சிறிது.

இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட பதிவின் படத்தை மாற்ற முடியாது, கேப்ஷனைத் திருத்தலாம். எனவே பழைய பதிவின் கேப்ஷனில் முதல் வரியாகப் புதிய தேதியைச் சேர்த்துவிட்டு, புதிய பதிவைப் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்யுங்கள்.

இடமும் மாறி, வழி குழப்பமாக இருந்தால் மட்டும் வாசலிலிருந்து அரங்கு வரை நடந்து காட்டும் சிறு வீடியோ உதவும். அதைப் படம் வெளியான பிறகு, ஸ்டோரியில் போடுங்கள்.