அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ஷோரூம்கள் செய்யும் தவறுகள்

பன்னிரண்டு லட்ச ரூபாய் காருக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வீடு திரும்பியவர், அன்று ராத்திரி செல்போனில் தேடுவது வாங்காமல் விட்ட காரைத்தான். எடுத்த முடிவும் விட்ட காரின் நல்ல அம்சங்களும் மனசுக்குள் மோதிக்கொள்ளும். இதற்கு அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் தந்த விளக்கம்தான் அறிவாற்றல் முரண்பாடு. இரண்டு காரும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இந்த உறுத்தல் இன்னும் கூடும்.

முதல் தவறு, புக்கிங்குக்கும் டெலிவரிக்கும் நடுவே வாய்மூடி இருப்பது. டானெலியும் இவான்செவிச்சும் 1970இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கார் கைக்கு வரும் முன்பே கூப்பிட்டு 'நல்ல தேர்வு' என்று உறுதி சொல்லப்பட்ட வாடிக்கையாளர்களிடம் புக்கிங் ரத்து குறைவாக இருந்தது.

அதற்காக எல்லோருக்கும் போன் போட்டால் போதும் என்று நினைப்பது இரண்டாவது தவறு. அதே ஆண்டு ஷெல்பி ஹண்ட், ஃபிரிட்ஜ் வாங்கியவர்களிடம் சோதித்துப் பார்த்தார். கடையிலிருந்து கடிதம் வந்தவர்களுக்கு உறுத்தல் குறைந்தது. போன் வந்தவர்களுக்கோ எதுவும் வராதவர்களைவிட அதிகமானது. பொருள் ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது கடைக்காரர் கூப்பிட்டால் 'என்ன வில்லங்கமோ, இன்னும் எதை விற்க வருகிறாரோ' என்றுதானே தோன்றும்? அதனால் எழுத்தில் அனுப்புவதே பாதுகாப்பு. போன் செய்வதானால் வாகனம் ஒதுக்கியாயிற்று, டெலிவரி தேதி முடிவாயிற்று என்பதுபோல் சொல்ல ஒரு சேதி வேண்டும்.

எதை எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி' என்பது யாருடைய சந்தேகத்தையும் தீர்க்காது. வாங்கியவர் ஷோரூமில் தன் வாயால் சொன்ன காரணத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மா ஏறி இறங்க வசதி என்று சன்ரூஃப் உள்ள காரை விட்டுவிட்டு இதை எடுத்தவருக்கு, மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் இப்படிப் போகலாம்: 'வணக்கம் சார். அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்க சீட் உயரம் முக்கியம் என்றீர்கள். அதற்கு இந்த கார் சரியாக இருக்கும். டெலிவரி அன்று அம்மாவையும் அழைத்து வாருங்கள், முன்சீட்டை அவர்களுக்கு ஏற்றபடி செட் செய்து தருகிறோம்.' சன்ரூஃப் பற்றியோ மற்ற கம்பெனி பற்றியோ ஒரு சொல்கூட வேண்டாம். மறந்துகொண்டிருப்பதை நாமே ஏன் கிளற வேண்டும்? இதை அனுப்ப வேண்டுமானால், புக்கிங் படிவத்தில் 'ஏன் இதை எடுத்தார்' என்று ஒரு வரி சேல்ஸ்மேன் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்த முயற்சியைக் கெடுப்பது பெரும்பாலும் இன்னொரு இடத்திலிருந்து வரும். புக் செய்தவர் பெயரை, கார் வாங்க விசாரித்தவர்கள் பட்டியலிலிருந்து நீக்காமல் விட்டால், பத்தாம் நாள் அவருக்கே 'இந்த வாரம் மட்டும் 40,000 ரூபாய் தள்ளுபடி' என்று மெசேஜ் போகும். 'கேன்சல் பண்ணினா அட்வான்ஸ் முழுசா வருமா?' என்ற கேள்வி அடிக்கடி வருகிறதென்றால் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

கதவு சரியாக மூடவில்லை, சொன்ன தேதி தவறியது என்று அவர் சொன்னால் அது மன உறுத்தல் அல்ல, புகார். அங்கே இனிப்பான மெசேஜ் அனுப்பினால் கோபம்தான் ஏறும். சர்வீஸ் ஆளை அனுப்புங்கள்.