செகண்ட் ஹேண்ட் இங்க் டேங்க் பிரிண்டர்: பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

சேலத்தில் பழைய பிரிண்டர் விற்பவர்களிடம் அதிகம் கண்ணில் படுவது எப்சன் இங்க் டேங்க் வகைதான். எல்3110 என்ற மாடலை வைத்தே இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு, யு.எஸ்.பி. கேபிளில் மட்டும் இயங்கும். வைஃபை உள்ள எல்3150க்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து வாங்குபவர்கள் சோதனையை விற்பவர் இடத்திலேயே முடித்துவிட வேண்டும். மேலே கொண்டுபோன பிறகு கோளாறு தெரிந்தால், 20 கொண்டை ஊசி வளைவையும் பிரிண்டரோடு திரும்ப இறங்க வேண்டியிருக்கும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

கட்டு பிரிக்காத ஏ4 தாள் கொஞ்சம் (20 தாள் போதும்), டிரைவர் ஏற்கனவே நிறுவிய லேப்டாப், பிரிண்டர் பக்கம் சதுரமாக இருக்கும் யு.எஸ்.பி. கேபிள், மொபைல் டார்ச். லேப்டாப் இல்லாவிட்டாலும் பாதிச் சோதனைக்கு மேல் பிரிண்டரின் பட்டன்களை வைத்தே செய்துவிடலாம். அப்படியானால் நல்ல கலர் படம் உள்ள பத்திரிகைப் பக்கம் ஒன்றைக் காப்பி எடுக்கக் கொண்டுபோங்கள். தாளை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் திறந்து கிடந்த தாள் ஈரம் இழுத்து நெளிந்துவிடும். அதைப் போட்டுவிட்டு "பேப்பர் சிக்குது" என்று பிரிண்டரைக் குறை சொல்ல முடியாது.

முன்தினமே போனில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அண்ணா, நான் வந்து பார்க்கிற வரைக்கும் ஹெட் கிளீனிங் எதுவும் போட்டுடாதீங்க." ஹெட் என்பது தாளில் இங்க் தெளிக்கும் பகுதி, அதன் அடைப்பை எடுப்பதுதான் ஹெட் கிளீனிங். ஏன் போடக் கூடாது என்பது கீழே வருகிறது.

படி 1: ஆன் செய்யும் முன் கண்ணால் பார்ப்பது

முன்பக்கம் உள்ள நான்கு டேங்குகளிலும் இங்க் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். ஏதாவது ஒன்று கோட்டுக்குக் கீழே போயிருந்தால், அந்த நிலையிலேயே ஓட்டியிருக்கலாம். குழாய்க்குள் காற்று போயிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்கேனர் பகுதியைத் தூக்கினால், டேங்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் மெல்லிய குழாய்கள் பட்டையாகத் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயில் இங்க் இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். சின்னக் குமிழி ஒன்றிரண்டு இருந்தால் பெரிய விஷயமில்லை, விரல் நீளத்துக்கு வெறுமையாக இருந்தால் அது விஷயம்.

பிறகு பிரிண்டரைச் சாய்க்காமல் கொஞ்சமாகத் தூக்கி, அடியிலும் அது இருந்த மேசையிலும் இங்க் கறை இருக்கிறதா பாருங்கள். ஹெட் கிளீனிங்கில் உறிஞ்சி வெளியேற்றப்படும் இங்க் எல்லாம் உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேரும். அதைத்தான் வேஸ்ட் இங்க் பேட் என்கிறார்கள். எவ்வளவு இங்க் போயிருக்கும் என்று பிரிண்டரே கணக்கு வைத்து, அளவு எட்டியதும் வேலையை நிறுத்திவிடும். சில இடங்களில் பஞ்சை மாற்றாமல் மென்பொருளால் அந்தக் கணக்கை மட்டும் ரீசெட் செய்து ஓட்டுவார்கள். பஞ்சு நிரம்பி வழிந்தால் கறை அடியில்தான் தெரியும்.

படி 2: முதல் நாசில் பேட்டர்ன்

தாள் வையுங்கள். பிரிண்டரை ஆஃப் செய்து, ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்துங்கள். பவர் விளக்கு மினுக்கத் தொடங்கியதும் இரண்டையும் விடுங்கள். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் நான்கு நிறத்திலும் அச்சாகும். ஒவ்வொரு கோடும் ஹெட்டில் உள்ள ஒரு துளையின், அதாவது நாசிலின், வேலை. இந்த மாடலின் ஹெட்டில் கருப்புக்கு 180 துளைகள், மற்ற மூன்று நிறங்களுக்கும் தலா 59. அதனால் ஒரு கோடு விடுபட்டால் கருப்பைவிடக் கலரில்தான் பாதிப்பு அதிகம் தெரியும். மஞ்சள் வெறும் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. வெளிச்சத்தில் தாளைச் சாய்த்து நிதானமாகப் பாருங்கள்.

எல்லாக் கோடும் முழுசாக இருந்தால் தாளில் நேரத்தை எழுதி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் இங்கேதான் பொறுமை வேண்டும்.

"ரொம்ப நாளா ஓட்டலை, ஒரு கிளீனிங் போட்டா சரியாயிடும்" என்பார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். சேலத்து வெயிலில் மாடி அறையில் இரண்டு மூன்று மாதம் சும்மா கிடந்தால் துளையில் இங்க் காய்வது சகஜம். போடச் சொல்லுங்கள்: ஆன் நிலையில் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடி, பவர் விளக்கு மினுக்கும் வரை பிடிக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி பேட்டர்ன் எடுத்து, பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

விடுபட்ட கோடுகள் குறைந்துகொண்டே வந்தால் லேசான அடைப்பு, பயமில்லை. அதே இடத்தில் அதே கோடுகள் அப்படியே இல்லாமல் இருந்தால் அடைப்பு இறுகிவிட்டது, அல்லது அந்தத் துளையே செத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விடுபட்டால் குழாயில் காற்று. ஒரு நிறம் முழுவதுமாக வராமல், டேங்கிலும் குழாயிலும் இங்க் இருந்தால் ஹெட் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். மஞ்சள் கோடு பச்சையாக வந்தால் நீலம் கலந்திருக்கிறது. யாரோ டேங்க் மாற்றி ஊற்றியிருக்கலாம்.

மூன்று கிளீனிங்குக்கு மேல் அங்கே போட விடாதீர்கள். அதற்குப் பிறகு 12 மணி நேரமாவது பிரிண்டரைச் சும்மா விட்டுத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். டிரைவரில் பவர் கிளீனிங் என்று பலமான ஒன்று இருக்கிறது. அது இங்க் நிறையக் குடிக்கும், டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது இங்க் வேண்டும், அந்தப் பஞ்சையும் வேகமாக நிரப்பும். வாங்குவதற்கு முன் அது தேவைப்படும் நிலை வந்தால் வேறு பிரிண்டர் பார்ப்பது நல்லது. எப்சனில் ஹெட் மாற்றும் செலவு, பழைய பிரிண்டரின் விலையையே நெருங்கிவிடும். கேனன் ஜி வரிசையில் பல மாடல்களில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம் என்பதால், அங்கே மோசமான பேட்டர்ன் இவ்வளவு பெரிய தண்டனை இல்லை.

படி 3: பக்க எண்ணிக்கையும் பாட்டில் கணக்கும்

இதுவரை எத்தனை தாள் ஓடியிருக்கிறது என்ற எண் நாசில் பேட்டர்ன் தாளிலேயே அச்சாகியிருக்கும். விண்டோஸில் பார்க்க, பிரிண்டரின் Printing Preferences திறந்து Maintenance பக்கத்தில் Printer and Option Information அழுத்துங்கள்.

எண் குறைவாக இருக்கிறதே என்று அதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். விற்பவரிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுவரைக்கும் கருப்பு எத்தனை பாட்டில் ஊத்தியிருக்கீங்க?" ஒரு கணக்கைப் பார்ப்போம். தாளில் 1,100 என்று வருகிறது. அவர், கூட வந்ததைத் தவிர மூன்று கருப்பு பாட்டில் வாங்கியதாகச் சொல்கிறார். 65 மி.லி. கருப்பு பாட்டிலுக்கு நிறுவனம் சொல்வது சுமார் 4,500 பக்கம். அது நிறுவனத்தின் சோதனைப் பக்கங்களுக்கான அளவு. அதைவிட இங்க் அதிகம் பிடிக்கும் பக்கங்களை அடித்தால் பாதியாகக்கூடக் குறையும். அப்படிக் குறைத்தாலும் மூன்று பாட்டிலுக்கு 6,000 பக்கத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். 1,100 எங்கே, 6,000 எங்கே? ஒன்று, இங்க் தாளுக்குப் போகாமல் ஓயாத கிளீனிங்கில் பஞ்சுக்குப் போயிருக்கிறது. இல்லையென்றால் போர்டு மாறியதில் எண் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. முதல் காரணம் என்றால் ஹெட்டில் பழைய அடைப்பும், நிரம்பிய பஞ்சும் சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வரும்.

மாறாக 9,000 பக்கம், மூன்று நான்கு பாட்டில் என்றால் கணக்கு ஒத்துப்போகிறது. தினமும் ஓடிய பிரிண்டரின் துளைகள் காய நேரமில்லை. அலமாரியில் தூங்கிய 1,100ஐவிட இதையே எடுக்கலாம். ஆனால் தாள் இழுக்கும் ரப்பர் ரோலர் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

படி 4: டெஸ்ட் பேஜ்

விண்டோஸ் தரும் டெஸ்ட் பேஜ், கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்கின்றன என்பதைத் தாண்டி அதிகம் சொல்லாது. அதில் இங்க் செலவாவதே கொஞ்சம்தான். வீட்டிலேயே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்: கருப்பு, நீலம், மெஜந்தா, மஞ்சள் நான்கும் தாளின் முழு அகலத்துக்குப் பட்டைகளாக, கீழே ஒரு முகம் உள்ள படம், அதன் கீழே சிறிய எழுத்தில் நான்கு வரி. அதை இடைவிடாமல் ஐந்து பிரதி எடுங்கள்.

ஐந்து ஏன்? குழாயில் காற்றோ அடைப்போ இருந்தால் முதல் தாள் பளிச்சென்று வந்துவிடும். மூன்றாவது நான்காவதில்தான் ஒரு பட்டை கீழே போகப் போக வெளிறும். செலவாகும் வேகத்துக்கு இங்க் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பட்டையில் மெல்லிய வெள்ளைக் கோடு குறுக்கே ஓடினால் நாசில் கோளாறு. நெட்டுக்கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் ஹெட் அலைன்மென்ட் விலகியிருக்கிறது, டிரைவரிலேயே சரிசெய்யலாம். தாளின் ஓரத்தில் இங்க் தேய்ந்த கறை வந்தால் ஹெட் தாளை உரசுகிறது.

கடைசியாகக் கண்ணாடியில் பத்திரிகைப் பக்கத்தை வைத்து ஒரு கலர் காப்பி. ஸ்கேனரும் பார்த்தாயிற்று.

படி 5: அரை மணி கழித்து மறுபடி பேட்டர்ன்

பிரிண்டரை அதன் பவர் பட்டனில் ஆஃப் செய்யுங்கள், பிளக்கைப் பிடுங்க வேண்டாம். அப்போதுதான் ஹெட் வலது ஓரத்தில் ரப்பர் மூடி மேல் போய் உட்காரும். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து, கிளீனிங் எதுவும் போடாமல் நேராக நாசில் பேட்டர்ன் எடுங்கள். முதலில் முழுசாக வந்த கோடுகள் இப்போது விடுபட்டால், மூடி சரியாகப் பொருந்தவில்லை அல்லது எங்கோ காற்று புகுந்து ஹெட்டிலிருந்து இங்க் பின்வாங்குகிறது. நீங்கள் வரும் முன் கிளீனிங் போட்டு வைத்த பிரிண்டர் முதல் பேட்டர்னில் தப்பிவிடும், இதில் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

படி 6: இங்க் கிடைக்கிறதா

எல்3110க்கு 003 என்ற இங்க். எல்3150, எல்3210, எல்3250க்கும் அதே என்பதால் நான்கு நிறமும் சிரமமில்லாமல் கிடைக்கும். எல்360, எல்380 போன்ற பழைய மாடல்களுக்கு 664. வேறு எந்த மாடலாக இருந்தாலும் இங்க் எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் கொடுக்கும் முன் ஒரு கடையில் விசாரியுங்கள். "கருப்பு இருக்கு, மத்தது வரவழைக்கணும்" என்று பதில் வந்தால், உங்கள் வேலைக்குக் கலர் வேண்டுமா என்று யோசியுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் ஒரு செட் பாட்டிலைக் கையோடு வாங்கிப் போகலாம். பாட்டிலில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் வகைப் பழைய பிரிண்டர் சும்மாவே கிடைத்தாலும், கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்ட பிறகே கை வையுங்கள்.

கொண்டுபோவது

டேங்க் மூடிகளை இறுக்கி, பிரிண்டரைப் படுக்கவோ சாயவோ விடாமல் சமமாக வைத்துக் கட்டுங்கள். பைக்கின் பின்னால் செங்குத்தாக நிறுத்திக் கட்டினால் முதல் சில வளைவுகளுக்குள்ளேயே இங்க் கசிந்துவிடலாம். காரிலோ பஸ்ஸிலோ தட்டையான இடம் பாருங்கள். வீடு சேர்ந்ததும் சமமான மேசையில் வைத்து, டேங்க் அளவு சரிபார்த்து, ஒரு பேட்டர்ன் எடுத்து, கடையில் எடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு கோடு விடுபட்டிருந்தால் குலுக்கலில் புகுந்த காற்றாக இருக்கலாம். ஒரு கிளீனிங் போட்டு, அதிலும் போகாவிட்டால் மறுநாள் வரை விட்டுப் பாருங்கள்.