சி ஸ்கேல்ல இருந்து ஜி ஸ்கேலுக்கு, பாட்டு நிக்காம மாறுறது எப்படி: பிவட் கார்டு செய்முறை

போன டிசம்பர் கேரல் ப்ராக்டிஸ், காட்பாடி பக்கம் எங்க சர்ச் ஹால்ல நடந்துச்சு. நாங்களே மெட்டு போட்ட பாட்டு. மொத ரெண்டு சரணம் பொம்பளைங்க சி மேஜர்ல பாடுறாங்க, மூணாவது சரணம் ஆம்பளைங்க மட்டும், அவங்களுக்கு சி-ல மேல எட்டல, ஜி-க்கு இறக்கினா வசதியா இருக்குது. "நடுவுல நாலு பார் தரேன், நிறுத்தாம கொண்டாந்து விடு"ன்னு கொயர் மாஸ்டர் சொல்லிட்டாரு. ரெண்டு வாரம் ஆச்சு எனக்கு அது பிடிபட, அதான் எழுதி வைக்கிறேன்.

கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கலாமேன்னு கேப்பீங்க. அமுக்கினா அந்த எடத்துல பாட்டு வெட்டி ஒட்டின மாதிரி கேக்கும், பாடுறவங்களுக்கு புது ஸ்ருதி எங்க இருக்குன்னு ஒரு துப்பும் கிடைக்காது. இந்த வேலைக்கு எனக்கு அது வேணாம்.

மேஜர் ஸ்கேல்ல எந்தெந்த கார்டு வரும்னு உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கறேன். ஒரு பேப்பர்ல ரெண்டு ஸ்கேலையும் மேலயும் கீழயும் எழுதுங்க, ஆப் எல்லாம் வேணாம், கையால எழுதினாத்தான் மனசுல நிக்கும்.

```
C ஸ்கேல் : C  Dm  Em  F  G  Am  Bdim
G ஸ்கேல் : G  Am  Bm  C  D  Em  F#dim
```

ரெண்டு வரியிலயும் இருக்கறது நாலு: சி, ஈ மைனர், ஜி, ஏ மைனர். மத்ததெல்லாம் ஏன் பொருந்தலன்னா ரெண்டு ஸ்கேலுக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம், அங்க எஃப், இங்க எஃப் ஷார்ப். இந்த நாலுல எதுவும் பிவட் ஆகலாம், அதாவது ரெண்டு ஸ்கேலுக்கும் நடுவுல பாலமா நிக்கற பொது கார்டு. நான் எடுத்தது ஏ மைனர். சி-ல அது ஆறாவது கார்டு, கேட்டுப் பழகின கார்டு, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஜி-ல அதே கார்டு ரெண்டாவது, அதுக்கு அப்புறம் அஞ்சாவது கார்டு டி செவன் வர்றது ரொம்ப இயல்பு. அதாவது உள்ள நுழையறப்போ பழைய வீட்டு ஆளு, வெளிய வர்றப்போ புது வீட்டு ஆளு. ஜி கார்டையே பிவட்டா வெச்சா சுகப்படல, போய்ச் சேர வேண்டிய எடத்தை முன்னாடியே காட்டிட்டா அப்புறம் வந்து சேர்ந்த மாதிரி இருக்காது.

இனிமே சொல்றதுதான் நான் மாட்டிக்கின எடம், மெதுவா படிங்க.

மொத நாள் நான் சி, ஏ மைனர், ஜி அப்படின்னு வாசிச்சேன். பிவட் வந்துச்சு, ஜி-யும் வந்துச்சு, ஸ்கேல் மாறிடுச்சுன்னு நெனச்சேன். ஆம்பளைங்க எல்லாரும் சி-லயே எடுத்தாங்க. அவங்க மேல தப்பே இல்ல, சி பாட்டுல ஜி கார்டு நூறு தடவ வரும், காதுக்கு அது பஞ்சமம்தான், ஷட்ஜம் இல்ல. பிவட் கார்டு கதவை மட்டும்தான் தொறக்குது, ஸ்கேலை மாத்தறது அதுக்கு அடுத்து வர்ற கார்டு.

மறுநாள் சரி எஃப் ஷார்ப் தானே வித்தியாசம்னு, கீழ சி பேஸை புடிச்சுக்கினு வலது கையில மெட்டுல எஃப் ஷார்ப் சேத்தேன். அப்பவும் சி தான். கர்நாடக சங்கீதம் கேட்ட காதுன்னா இது உடனே புரியும்: சி ஷட்ஜமா இருக்கறப்போ சுத்த மத்யமத்தை பிரதி மத்யமம் ஆக்கினா சங்கராபரணம் கல்யாணி ஆகுது, அவ்ளோதான், ஷட்ஜம் நகரவே இல்ல. ஜி மேஜர் ஸ்வரங்களும் சி-ல கல்யாணி ஸ்வரங்களும் ஒண்ணேதான். ஸ்வரம் மாறினா போதாது, ஷட்ஜத்தை இழுத்துக்கினு போய் ஜி-ல உக்கார வைக்கணும். அந்த வேலையை டி செவன்ல இருந்து ஜி-க்கு வர்ற அந்த ஒரு அசைவு செய்யுது.

கையில எப்படி வருதுன்னு பாருங்க:

```
        இடது    வலது
Am      A       E   A  C
D7      D       F#  A  C  D
G       G       G   B  D
```

வலது கையில ஏ-யும் சி-யும் அப்படியே நிக்குது, ஈ மட்டும் ஒரு படி ஏறி எஃப் ஷார்ப் ஆகுது, டி சேருது. அடுத்து எஃப் ஷார்ப் அரைப்படி ஏறி ஜி, அதே நேரம் சி அரைப்படி எறங்கி பி. இந்த ரெண்டு விரலும் எதிரெதிரா அரைப்படி நகர்றதுதான் காதை ஜி-க்கு கொண்டு போவுது. அந்த ரெண்டு ஸ்வரத்தை மட்டும் தனியா வாசிச்சுப் பாருங்க, எஃப் ஷார்ப்பும் சி-யும் சேர்ந்து, அப்புறம் ஜி-யும் பி-யும். கையைத் தூக்கி வேற பொசிஷன்ல எல்லா கார்டையும் புடிச்சா இது கேக்காது, குதிக்கற மாதிரி இருக்கும்.

நாலு பார் இன்டர்லூட் எட்டு பார் ஆச்சு, மாஸ்டர்கிட்ட கேட்டு வாங்கினேன்:

```
| C  | Am | D7 | G |
| C  | D7 | G  | G |
```

ரெண்டாவது வரி எதுக்குன்னா உறுதிப்படுத்த. அதுல வர்ற சி இப்போ ஜி-யோட நாலாவது கார்டு. ஒரே தடவ டி செவன், ஜி வந்தா சும்மா எட்டிப் பாத்துட்டு திரும்பிடும்னு காது எதிர்பாக்கும், ரெண்டாவது தடவ வந்தாத்தான் குடியேறும். ஜி எப்பவும் பாரோட மொத தட்டுல விழணும்.

வேலை ஆச்சான்னு தெரிஞ்சுக்க: கடைசி ஜி-ல கையை எடுத்துட்டு, யோசிக்காம "ச" பாடுங்க. ஜி வந்தா ஆச்சு. சி வந்தா டி செவனுக்கு இன்னும் நேரம் குடுங்க, இல்ல எங்கயோ எஃப் ஒட்டிக்கினு இருக்குது.

டோன் பத்தி ஒண்ணு. இதைப் பழகறப்போ பியானோ இல்ல சாதா ஆர்கன் போதும். கை எடுத்த பின்னாடியும் இழுக்கற ஸ்ட்ரிங்ஸ் டோன் வேணாம், சஸ்டெய்ன் பெடல் மிதிச்சா கார்டு மாறுறப்போ விட்டு மிதிங்க, இல்லன்னா எஃப் ஷார்ப்பும் ஜி-யும் குழம்பி அந்த அரைப்படி கேக்கவே கேக்காது.

அப்டேட்: ஆற்காட்டுல இருந்து ஒரு தம்பி கமென்ட்ல கேட்டாரு, "ணா, நீங்க சொன்ன மாதிரியே வாசிச்சேன், ஏ மைனர் வந்த உடனே கரகரன்னு இருக்குது." ரெக்கார்டிங் அனுப்பச் சொல்லி கேட்டேன். அவரோட புல்லாங்குழல் மெட்டு அந்த பார்ல எஃப்-ஐ தொட்டுக்கினு போவுது, அடுத்த தட்டுலயே கீழ எஃப் ஷார்ப். பிவட் பார் ஆரம்பிச்சதுல இருந்து மெட்டுல எஃப் வரக் கூடாது, ஈ-யிலயோ ஜி-யிலயோ சுத்திட்டு வரணும். மாத்தினாரு, சரியாயிடுச்சு.

இன்னொருத்தர் சி-ல இருந்து டி-க்கு கேட்டாரு. அங்க பொது கார்டு ரெண்டுதான், ஈ மைனரும் ஜி-யும். ஈ மைனர் டி-க்கு ரெண்டாவது கார்டு, அதனால ஈ மைனர், ஏ செவன், டி. அதே அசைவுதான். ஆனா கடைசி சரணத்துக்கு அரை ஸ்ருதி ஏத்தறோமே, சி-ல இருந்து சி ஷார்ப், அதுக்கு பொதுவா ஒரு கார்டு கூட கிடையாது, அங்க இந்த வழி செல்லாது, நேரா தூக்கித்தான் வைக்கணும்.

திரும்பி சி-க்கு வர எப்படின்னும் கேட்டிருந்தாங்க. அது சுலபம். ஜி கார்டுல எஃப் சேத்து ஜி செவன் ஆக்கி ஒரு பார் புடிங்க, சி-ல எறங்குங்க. எங்க பாட்டுல நாலாவது சரணத்துக்கு பொம்பளைங்க அப்படித்தான் திரும்ப வந்து சேர்ந்துக்கறாங்க.