சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ என்ன ஆகும்?

பாலக்காட்டு கஞ்சிக்கோடு கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சம்பளம் கூடியதும் கேட்பது இதுதான்: "இனி ஈ.எஸ்.ஐ கிடையாதா?" உடனே நின்றுவிடாது. எப்படி என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் சம்பள ஸ்லிப்பை எடுங்கள். ஈ.எஸ்.ஐ-க்கான உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். ஏப்ரலில் உங்கள் சம்பளம் 20,400 என்றால் உங்கள் பங்கு 153 ரூபாய், கம்பெனியின் பங்கு 663 ரூபாய்.

அடுத்து காலக்கெடு. சந்தா காலம் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஜூலையில் சம்பளம் 21,600 ஆனாலும் செப்டம்பர் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். அதுவும் முழு 21,600-க்கும், அதாவது 162 ரூபாய். அக்டோபரிலிருந்துதான் நிற்கும்.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. பிடித்தம் நின்ற பிறகும், பிப்ரவரியில் படுத்தால் நோய்க்காலப் பணம் கேட்கலாம். அந்தச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு வரும்? மூன்று மாதம் 20,400, மூன்று மாதம் 21,600 என்று ஆறு மாதச் சம்பளம் மொத்தம் 1,26,000. சம்பளம் தந்த நாட்கள் 183 என்றால் தினச் சராசரி சுமார் 688 ரூபாய். அதில் 70 சதவீதம், சுமார் 482. மஞ்சள் காமாலையில் 12 நாள் படுத்தால் முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. மீதி 10 நாளுக்கு ஏறக்குறைய 4,820 ரூபாய். முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த 2 நாள் கழிவு கிடையாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள்.

பணம் வாங்க, முதல் நாளே ஈ.எஸ்.ஐ டிஸ்பென்சரி டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்குங்கள். அப்புறம் கிளை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அந்த நாட்களுக்குக் கம்பெனி சம்பளம் தந்திருந்தால் இந்தப் பணம் வராது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள். சம்பளம் கூடிய ஜூலையிலேயே சில கம்பெனிகள் பிடித்தத்தை நிறுத்திவிடுகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாள்தான். அதில் 20 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் கணக்கில் 71 நாளே நிற்கும், 78 எட்டாது, பிப்ரவரியில் ஒரு ரூபாயும் வராது. கையில் 162 ரூபாய் கூடுதலாக வந்ததில் சந்தோஷப்படாமல், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஸ்லிப்புகளில் ஈ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு நுழைந்தால், கம்பெனி எந்த மாதத்துக்கு எத்தனை நாள் காட்டியிருக்கிறது என்பது தெரியும். ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து அங்கே நாள் குறைந்திருந்தால், ஸ்லிப்போடு கிளை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள்.