ராக் இசைத்தட்டுகளை எரித்த கதை: சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ராக் இசைமேல் அவ்வப்போது கிளம்பிய பீதியைப் பற்றி எழுதுபவர்களிடம் ஒரு தயார்க் கதை இருக்கிறது. பழமைவாதிகள் பயந்தார்கள், இசைத்தட்டுகளை எரித்தார்கள், அரசு தடை போட்டது, கடைசியில் இளைஞர்கள் ஜெயித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு சம்பவத்தை எடுத்துத் தேதி வாரியாகப் பார்த்தால் இந்தக் கதை ஆட்டம் காணும். யார் கிளப்பினார்கள், ஏன் அந்த மாதத்தில், யார் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதைக் கேட்காமல் விடுவதால் வரும் தவறுகள் இவை.

பேச்சும் நெருப்பும் ஒரே நாளில் நடந்ததாக நினைப்பது

"இப்போது நாங்கள் இயேசுவைவிடப் பிரபலம்" என்று ஜான் லெனன் சொன்னார், உடனே பீட்டில்ஸ் இசைத்தட்டுகள் எரிந்தன என்றுதான் பலர் எழுதுகிறார்கள். நடுவில் ஐந்து மாதம் இருக்கிறது. அந்தப் பேட்டி 1966 மார்ச் 4 அன்று லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டு பத்திரிகையில் வந்தது. கிறிஸ்தவம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றிய பேச்சில் வந்த வரி அது. பிரிட்டனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை இறுதியில் அமெரிக்காவின் 'டேட்புக்' என்ற பதின்பருவத்தினர் பத்திரிகை அதை மறுபிரசுரம் செய்தது. ராக் இசையா கிறிஸ்தவமா, எது முதலில் போகும் என்று தெரியவில்லை என்று அதே பேட்டியில் லெனன் சொன்ன வரியை அட்டையிலேயே போட்டார்கள். அதே அட்டையில் பால் மெக்கார்ட்னி சொன்ன இன்னொரு வரியும் இருந்தது. கறுப்பினத்தவரை அமெரிக்கா நடத்தும் விதத்தைக் கடுமையாகச் சாடிய வரி அது. எரிப்புக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஒரு வானொலி நிலையத்தின் இரண்டு அறிவிப்பாளர்கள், இனி பீட்டில்ஸ் பாட்டைப் போடமாட்டோம், இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்ட யுபிஐ செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவர் செய்தியாக்கி அனுப்ப, விஷயம் நாடு முழுக்கப் போனது. பர்மிங்ஹாம் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1963இல் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினச் சிறுவர்கள்மேல் போலீஸ் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கியையும் ஏவியது அங்கேதான். அதே ஆண்டு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றதும் அங்கேதான். 1964இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், பார்வையாளர்களை நிறத்தின்படி பிரித்து உட்கார வைத்தால் பாடமாட்டோம் என்று சொன்னவர்கள் பீட்டில்ஸ். 1966 ஆகஸ்ட் 19 அன்று மெம்ஃபிஸ் நிகழ்ச்சிக்கு வெளியே வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் ஆட்கள் வந்து நின்றதை வெறும் பக்தி என்று கணக்கில் எழுத முடியாது.

அதற்காக எரித்தவர்கள் எல்லாரும் இனவெறியர்கள் என்று சொல்லிவிடுவதும் தவறுதான். ஆகஸ்ட் 13 அன்று டெக்சாஸின் லாங்வியூவில் வானொலி நிலையம் ஏற்பாடு செய்த நெருப்புக்குத் தங்கள் இசைத்தட்டைக் கொண்டுவந்த பிள்ளைகளில் பலர், உண்மையிலேயே மனம் புண்பட்ட விசுவாசிகள். மறுநாள் அந்த நிலையத்தின் கோபுரத்தில் இடி விழுந்தது தனிக் கதை. பதின்பருவத்தினரின் கோபம் உண்மையானது. அதை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த வானொலிக்கு வேறு கணக்கு இருந்தது.

குற்றம் சாட்டியவர் சொன்ன வரிகளையே பாட்டின் வரிகளாக எடுத்துக்கொள்வது

1963இல் தி கிங்ஸ்மென் என்ற குழு 'லூயி லூயி' பாடலை மலிவாகப் பதிவு செய்தது. ஒலிவாங்கி உயரத்தில் தொங்க, பல்லில் கம்பி போட்டிருந்த பாடகர் அண்ணாந்து கத்திப் பாடினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரியாததால் கேட்பவர்களே ஆபாசமான வரிகளை இட்டுக்கட்டி, காகிதத்தில் எழுதிப் பள்ளிகளில் சுற்றவிட்டார்கள். இந்தியானா மாநில ஆளுநர் வானொலிகளில் இதைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெற்றோர் அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கடிதம் எழுத, எஃப்பிஐ இறங்கியது. இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கும் மேல் இழுத்த விசாரணையின் முடிவு, எந்த வேகத்திலும் வார்த்தை விளங்கவில்லை என்பது. உண்மையில் அது, தன் காதலியிடம் திரும்பிப்போகும் மாலுமி மதுக்கடைக்காரரிடம் புலம்பும் அப்பாவிப் பாட்டு. 1957இலேயே ரிச்சர்ட் பெர்ரி அதைத் தெளிவாகப் பாடி வெளியிட்டிருந்தார். அதைக் கேட்டிருந்தாலே போதும்.

ஒரு பாட்டு எப்படித் தடை செய்யப்பட்டது என்று எழுதப் போகிறவர், முதலில் குற்றப்பத்திரிகையில் இருக்கும் வரிகளையும் பாட்டில் இருக்கும் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இடைவெளி 1985இல் அமெரிக்க செனட்டிலேயே வெளிப்பட்டது. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் 'அண்டர் தி பிளேடு' வன்முறைக் காமத்தைப் பற்றியது என்று, இசைத்தட்டுகளில் எச்சரிக்கை கேட்டு இயக்கம் நடத்திய டிப்பர் கோர் எழுதியிருந்தார். பாடலை எழுதிய டீ ஸ்னைடர் சாட்சியம் சொல்ல வந்து, தங்கள் கிதார் கலைஞருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடக்கவிருந்தபோது அவருக்கு இருந்த பயத்தைப் பற்றிய பாட்டு அது என்றார். நீண்ட முடியும் கிழிந்த ஜீன்ஸுமாக வந்து உட்கார்ந்தவர், தான் கிறிஸ்தவன், குடியோ புகையோ போதையோ கிடையாது என்று ஆரம்பித்ததும் செனட்டர்களுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

ஸ்டிக்கரைச் சட்டம் என்று நினைப்பது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். பெற்றோரை எச்சரிக்க ஆல்பங்களில் ஒட்டும் 'பேரண்டல் அட்வைசரி' என்ற கறுப்பு வெள்ளை ஸ்டிக்கரை அமெரிக்க அரசு கொண்டுவந்ததாக எழுதுகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது.

1984இலேயே பெற்றோர் ஆசிரியர்களின் தேசிய சங்கம், இசைத்தட்டுகளில் எச்சரிக்கை வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்டது. கம்பெனிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985 வசந்தத்தில் டிப்பர் கோர், சூசன் பேக்கர் உள்ளிட்ட வாஷிங்டன் பெண்கள் சிலர் சேர்ந்து பிஎம்ஆர்சி என்ற பெற்றோர் அமைப்பைத் தொடங்கினார்கள். டிப்பரின் கணவர் அல் கோர் ஜனநாயகக் கட்சி செனட்டர். சூசனின் கணவர் ஜேம்ஸ் பேக்கர் குடியரசுக் கட்சி ஆட்சியின் நிதி அமைச்சர். பிரின்ஸின் இசைத்தட்டை டிப்பர் தன் பதினோரு வயது மகளுக்கு வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்ததுதான் தொடக்கம். லட்சக்கணக்கான சாதாரணப் பெற்றோர் கேட்டபோது கிடைக்காத பதில், இவர்கள் கேட்ட சில மாதங்களில் கிடைத்தது. ஆகஸ்டிலேயே இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் பொதுவான ஓர் எச்சரிக்கை போடச் சம்மதித்துவிட்டது. பிஎம்ஆர்சிக்கு அது போதவில்லை. காமம், வன்முறை, போதை, மாந்திரீகம் என்று தனித்தனி எழுத்துக் குறிகள் வேண்டும் என்றார்கள்.

செப்டம்பர் 19 அன்று செனட் விசாரணை நடந்தது. சட்டம் கொண்டுவருவது நோக்கமல்ல என்று விசாரணைக் குழுவின் தலைவர் செனட்டர் டான்ஃபோர்த் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சட்டம் இல்லையென்றால் விசாரணை எதற்கு என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. சாட்சியம் சொல்ல வந்த ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். அந்தச் சமயத்தில் வெற்று கேசட்டுகளுக்கு வரி போட்டு அதை இசைத் துறைக்குக் கொடுக்கும் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் நிலுவையில் இருந்தது. அது நிறைவேற வேண்டும் என்பதற்காகவே கம்பெனிகள் இப்படி இறங்கிப் போகின்றன என்பது அவர் வாதம். நோக்கத்தை நிரூபிப்பது கடினம்தான், ஆனால் மசோதா இருந்தது உண்மை. நாட்டுப்புற மென்பாடகர் ஜான் டென்வர் கூட எதிர்த்தே பேசினார். மலைகளைப் பற்றிய அவர் பாட்டைப் போதைப் பாட்டு என்று சில வானொலிகள் ஒதுக்கிய அனுபவம் அவருக்கு இருந்தது.

நவம்பர் 1 அன்று சமரசம் அறிவிக்கப்பட்டது. எச்சரிக்கை போடலாம், அல்லது வரிகளை அட்டையில் அச்சடிக்கலாம். எந்த ஆல்பத்துக்கு என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும். சினிமாவுக்கு இருப்பதுபோலத் தனி வாரியம் கிடையாது. பின்னர் பல மாநிலங்களில் கட்டாய முத்திரைக்கான மசோதாக்கள் வரத் தொடங்கியதும், அதைத் தவிர்க்க 1990இல் ஒரே மாதிரியான ஸ்டிக்கருக்கு வந்தார்கள்.

அப்படியானால் தடையே இல்லையா? இருந்தது, வேறு இடத்தில். வால்மார்ட் ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பங்களை விற்கவில்லை. பக்கத்தில் வேறு கடை இல்லாத சிற்றூரில் அதுதான் தடை. எனவே வார்த்தைகளை நீக்கிய இரண்டாம் பதிப்பைக் கம்பெனிகளே தயாரித்துக் கொடுத்தன. அரசைத் தேடிக்கொண்டிருந்தால் இந்தத் தணிக்கை கண்ணில் படாது.

அந்த ஆண்டுகளில் ஏன் என்பதற்கு என் கணிப்பு இது. கூடத்தில் எல்லாரும் கேட்ட ரெக்கார்டு பிளேயரிலிருந்து பாட்டு பிள்ளையின் வாக்மேனுக்குப் போயிருந்தது. 1981இல் வந்த எம்டிவி நாள் முழுக்க ஓடியது. பெற்றோரின் காதுக்கு எட்டாமல் போன முதல் தலைமுறைப் பாட்டு அது.

ராக் ரசிகர்களை எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்ப்பது

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் பெட்டி பெட்டியாக டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தவர்கள் ராக் ரசிகர்கள். கறுப்பினத்தவர், தன்பாலினத்தவர் விடுதிகளில் வளர்ந்த இசை டிஸ்கோ. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதில் அன்று அங்கே நடக்கவிருந்த இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே கைவிடப்பட்டது.

பாட்டின் வரிகளே காரணம் என்று முடித்துவிடுவது

1974இல் எரிக் கிளாப்டன், பாப் மார்லியின் ஒரு பாட்டைப் பாடினார். ஷெரிஃபைச் சுட்டேன் என்று முதல் வரியிலேயே சொல்லும் பாட்டு. அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, யாரும் பதறவில்லை. 1992 மார்ச்சில் ஐஸ்-டீயின் பாடி கவுண்ட் குழு, போலீஸைக் கொல்வதைப் பற்றிய 'காப் கில்லர்' பாடலை வெளியிட்டது. ஏப்ரல் 29 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸார் விடுதலையாக, லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது. ஜூனில் டெக்சாஸ் போலீஸ் சங்கம், அந்த ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் தாய்க் கம்பெனியான டைம் வார்னரின் எல்லாப் பொருள்களையும் புறக்கணிக்கச் சொன்னது. குடியரசுத் தலைவர் புஷ் வரை கண்டித்தார். ஜூலையில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று வரிகளை வாசித்தார்.

'காப் கில்லர்' கிதார் அதிரும் ஹெவி மெட்டல் பாட்டு. ஆனால் கண்டித்தவர்களில் பெரும்பாலோர் அதை ராப் என்றே சொன்னார்கள், இன்றும் பல கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது. ஐஸ்-டீ ஏற்கெனவே ராப் பாடகராகப் பெயர் பெற்றவர் என்பது ஒரு காரணம், பாடியவர் கறுப்பினத்தவர் என்பது இன்னொன்று என்று நினைக்கிறேன். நீதிமன்றமோ சட்டமோ அந்தப் பாட்டைத் தொடவில்லை. ஜூலை இறுதியில் ஐஸ்-டீயே அதை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார். 1993 தொடக்கத்தில், அவருடைய அடுத்த ஆல்பத்தின் அட்டைப்படம் குறித்த தகராறில் அவரும் வார்னரும் பிரிந்தார்கள்.