கடை வாடகைப் பத்திரத்தில் ‘இடம் மாற்றலாம், இடித்துக் கட்டலாம்’ என்ற வரியைத் திருத்துவது எப்படி?

வண்ணார்பேட்டையில் ஒரு வணிக வளாகம். தரைத்தளத்தில் 400 சதுர அடியில் அல்வா, மிக்சர் கடை போட இடம் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்:

“கட்டடத்தை இடித்துக் கட்டவோ மாற்றியமைக்கவோ நேர்ந்தால், நம்மில் 1 நபர் சொல்லும் வேறு இடத்துக்கு 2 நபர் 30 நாளில் மாறிக்கொள்ள வேண்டியது. தவறினால் காலி செய்ய வேண்டியது.”

1 நபர் உரிமையாளர், 2 நபர் நீங்கள். கையெழுத்துப் போடும் முன் இந்த வரியைத் துண்டு துண்டாகப் பிரித்துத் திருத்த வேண்டும்.

படி 1: எப்போது?

“நேர்ந்தால்” என்ற சொல்லுக்கு அளவே இல்லை. இடிக்கும் எண்ணம் இல்லாமலே, கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் வந்ததும் இதைக் காட்டி உங்களை எழுப்பலாம். “மாநகராட்சியின் கட்டட அனுமதி கிடைத்த பிறகு, அதன் நகலை இணைத்து, ஆறு மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால் மட்டும்” என்று மாற்றுங்கள். நகல் கேட்பதுதான் இதில் முக்கியம். உண்மையாகவே கட்டப் போகிறவரிடம் அது இருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் காலி செய்யச் சொல்லக்கூடாது என்றும் சேருங்கள். இனிப்புக் கடைக்கு அந்த இரண்டு மாதம்தான் வருடத்தின் பெரும் வியாபாரம்.

படி 2: எந்த இடத்துக்கு?

“சமமான பரப்பு” என்று மட்டும் எழுதினால் ஏமாறுவீர்கள். இப்போதைய கடை 20 அடி முகப்பு, 20 அடி உள்நீளம். மாற்றுக் கடை 10 அடி முகப்பு, 40 அடி உள்நீளம். இரண்டும் 400 சதுர அடிதான். ஆனால் ரோட்டில் போகிறவர் கண்ணில் படும் பெயர்ப்பலகையும் கண்ணாடிப் பெட்டியும் பாதியாகிவிடும். அதனால் தளம், எந்த ரோட்டைப் பார்த்த முகப்பு, எத்தனை அடி ஷட்டர், மும்முனை மின் இணைப்பு, அடுப்புப் புகை வெளியேறும் வழி, கழிவுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒரு தரைத்தள வரைபடத்தில் உங்கள் கடையைச் சிவப்பு மையில் குறித்து, இருவரும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைப்பது நல்லது.

படி 3: செலவு யாருக்கு?

சாமான் ஏற்றும் வண்டி வாடகை சின்னச் செலவு. சுவரோடும் தரையோடும் போகும் பணம்தான் பெரியது. டைல்ஸ், வயரிங், அடுப்பு மேடை எல்லாம் சேர்த்து 6,00,000 ரூபாய் போட்டீர்கள் என்றால், 60 மாத ஒப்பந்தத்துக்கு மாதம் 10,000 வீதம் கழியும். 24 மாதம் முடிந்ததும் எழுப்பினால் மீதி 36 மாதம். அதாவது 3,60,000 ரூபாயை உரிமையாளர் உங்களுக்குத் தர வேண்டும். இந்தக் கணக்கையே பத்திரத்தில் எழுதி, பில் நகல்களை உரிமையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பில் இல்லாமல் பின்னால் பேசினால் தொகையிலேயே தகராறு வரும்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் அந்த முகவரிக்குத்தான் செல்லும். கடை மாறினால் புதிதாக வாங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை இரு இடத்துக்கும் சேர்த்து வாடகை கேட்கக்கூடாது என்று ஒரு வரி போடுங்கள்.

படி 4: கட்டிய பின் திரும்பி வரலாமா?

பலரும் தவறாக நம்பும் இடம் இது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள 2017-ம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 21-வது பிரிவில், இடித்துக் கட்டுவதும் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். பழைய வாடகைதாரர் புதுக் கட்டடத்துக்குள் மறுபடி வருவது, இருவரும் ஒப்புக்கொண்டு புது ஒப்பந்தம் போட்டால்தான். “அண்ணாச்சி, கட்டி முடிச்சதும் முதல் கடை உங்களுக்குத்தான்” என்ற வாய்ச்சொல் பிறகு செல்லாது. எத்தனை மாதத்துக்குள் கட்டி முடிப்பார், எந்த முகப்பில் கடை, சதுர அடிக்கு என்ன வாடகை என்று இப்போதே எழுதினால்தான் பிறகு கேட்க ஒரு பிடி இருக்கும். வாடகையை விட்டுவிட்டு “கடை தரப்படும்” என்று மட்டும் எழுதினால், உங்களுக்குக் கட்டுப்படியாகாத வாடகையைச் சொல்லியே வெளியில் நிறுத்திவிடலாம்.

மாநகராட்சிக் கடைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஏல நிபந்தனைகளைத்தான் படிக்க வேண்டும்.

படி 5: பதிவு

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். செலவுக்குப் பயந்து ஐந்து வருட ஒப்பந்தத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்தால், மேலே திருத்திய வரிகளை நீதிமன்றத்தில் குத்தகைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. 11 மாதப் பத்திரத்துக்கு வேறு சிக்கல்: உரிமையாளர் புதுப்பிக்க மறுத்தாலே போதும், இடிக்கும் வரியே அவருக்குத் தேவைப்படாது. 6 லட்சம் போட்டு உள்வேலை செய்கிறவர் 11 மாதத்துக்கு ஒப்புக்கொள்ளக்கூடாது.

பதிவுக்குக் கொடுக்கும் முன் ஒரு வரி மட்டும் கடைசியாகப் பாருங்கள்: சாவியை ஒப்படைக்கும் அதே நாளில் முன்பணமும் உள்வேலைத் தொகையும் வங்கி வழியாக வந்து சேர வேண்டும் என்று இருக்கிறதா? “காலி செய்தபின்” என்று மட்டும் இருந்தால், சாவி போன பிறகு பணத்துக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.