இருபது நிமிடம் பார்த்தாச்சு: தொடரலாமா, நிறுத்தலாமா?

படம் மெதுவாகப் போகிறதா, போகும் திசையே தெரியாமல் போகிறதா? இருபதாவது நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். இரண்டுமே ஒரே மாதிரிதான் சலிப்பூட்டும். மெதுவாகப் போகும் படத்துக்குக் காத்திருக்கலாம், திசை தெரியாத படத்துக்குக் காத்திருப்பதில் பலன் குறைவு.

முதலில் மொத்த நீளத்தைப் பாருங்கள். 100 நிமிடப் படத்தில் இருபது நிமிடம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. 50 நிமிடம் வீதம் எட்டு எபிசோடு உள்ள தொடரில் அது வெறும் 5 சதவீதம். அதனால் ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைக்கக் கூடாது.

அடுத்து டிவியின் செட்டிங்ஸ். பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். புது டிவிக்களில் அசைவை வழவழப்பாக்கும் வசதி பெரும்பாலும் ஏற்கனவே ஆன் ஆகியிருக்கும். சினிமா வினாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுவது. டிவி நடுவில் புதுப் பிரேம்களைத் தானே உண்டாக்கிச் செருகினால், நல்ல ஒளிப்பதிவும் மலிவான வீடியோ போலத் தெரியும், நடிப்பும் செயற்கையாகப் படும். அதை ஆஃப் செய்யுங்கள். வசனம் முணுமுணுப்பாகவும் பின்னணி இசை காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், ஒலியை 5.1-லிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். டப்பிங்கை விட மூல மொழியும் சப்டைட்டிலும்தான் என் தேர்வு. ஒட்டாத டப்பிங் குரலால் வந்த எரிச்சலைப் படத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இருபதாவது நிமிடத்தில் படத்தை நிறுத்தி, ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது? மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது. தெளிவாக இருப்பதாகத் தோன்றும் கதை, எழுத உட்காரும்போதுதான் கையை விட்டு நழுவும்.

1954-இல் வந்த அகிரா குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ படத்தை வைத்துப் பார்ப்போம். நீளம் 207 நிமிடம். இருபதாவது நிமிட வாக்கில் ஒரு சண்டைகூட வந்திருக்காது. ஊருக்குப் பாதுகாப்பாகச் சாமுராய்களைத் தேடி விவசாயிகள் நகரத்தில் அலைந்துகொண்டிருப்பார்கள். ஆனால் வாக்கியத்தை எழுத முடிகிறது: ‘வாற்கோதுமை விளைந்ததும் கொள்ளையர்கள் வருவார்கள், ஊரைக் காக்க ஆள் வேண்டும், கொடுக்கச் சோற்றைத் தவிர ஒன்றுமில்லை.’ கெடுவும் இருக்கிறது, தடையும் இருக்கிறது. இது மெதுவான படம், திசை தெரியாத படம் அல்ல. தொடரலாம்.

வாக்கியம் வரவில்லையா? உடனே நிறுத்த வேண்டாம், மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு வரை நேரம் கொடுங்கள். 120 நிமிடப் படத்துக்கு அது 30 நிமிடம். பெரும்பாலான திரைக்கதைகளில் கதாநாயகன் திரும்ப முடியாத ஒரு முடிவை எடுப்பது அந்த வாக்கில்தான். அங்கேயும் எழுத முடியவில்லை என்றால் மூடிவிடலாம். ‘இவ்வளவு நேரம் பார்த்துவிட்டோமே’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன அரை மணி நேரம் எப்படியும் திரும்பி வராது. மிச்சமிருக்கும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் இப்போது முடிவு.

தொடர் என்றால் முதல் எபிசோடை முழுசாகவும் இரண்டாவதில் பாதியையும் பாருங்கள். எல்லோரையும் அறிமுகப்படுத்தும் சுமை முதல் எபிசோடின் தலையில் இருப்பதால், அது திணறுவது சகஜம். ஒரு பாத்திரம் தன் உறவையும் வேலையையும் வசனத்திலேயே ஒப்பிக்கும் காட்சிகள் முதல் எபிசோடில் வந்தால் மன்னிக்கலாம். இரண்டாவதிலும் அதே ஒப்பித்தல் என்றால் எழுத்தே அப்படித்தான். ‘நாலாவது எபிசோடிலிருந்து சூடு பிடிக்கும்’ என்று யாராவது சொன்னால், அப்படி என்ன மாறுகிறது என்று கேளுங்கள். ‘பெரிய திருப்பம் வரும்’ என்ற பதிலுக்காக மூன்று மணி நேரம் கொடுக்காதீர்கள். பிடிக்காத பாத்திரங்கள் திருப்பத்துக்குப் பிறகும் அதே பாத்திரங்கள்தானே.

பின்சேர்க்கை: இந்த வாக்கியச் சோதனையில் தோற்கும் நல்ல படங்களும் உண்டு. ஷாந்தால் அகர்மான் 1975-இல் எடுத்த ‘ழான் டீல்மான்’ 201 நிமிடம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள் வீட்டு வேலைகள்தான் படம். இருபது நிமிடத்தில் எழுத எதுவும் கிடைக்காது. ஆனால் முதல் நாளில் அவர் விளக்கை அணைக்கும் விதம், உருளைக்கிழங்கு வேகவைக்கும் ஒழுங்கு எல்லாம் நம் கண்ணில் பதிந்துவிடுவதால், இரண்டாம் நாள் கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோகும்போது ஏதோ குலைந்துவிட்டது என்று சொல்லாமலே புரிகிறது. இப்படிப்பட்ட படத்துக்கு வேறு கேள்வி வேண்டும்: கடைசியாகப் பார்த்த காட்சியில் மூன்று பொருள்கள் எங்கெங்கே இருந்தன என்று நினைவிருக்கிறதா? இருந்தால் கண் படத்துக்குள் போய்விட்டது, தொடருங்கள். நினைவில்லை, கை அடிக்கடி போனுக்குப் போகிறது என்றால் இன்றைக்கு நிறுத்திவிட்டு, தூக்கம் இல்லாத வேறொரு நாளில் முதலிலிருந்து பாருங்கள். 1.5 மடங்கு வேகத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். அந்தப் படத்தில் அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் கதையே.